பழுப்பாகத் தெரிவதெல்லாம் இளம்பறவை அல்ல: படங்களில் வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவைப் படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது அடிக்கடி நேரும் தவறு, மங்கலாகவோ பழுப்பாகவோ தெரியும் பறவையை உடனே இளம்பறவை என்று முடிவுகட்டுவதுதான். நிறம் மங்குவதற்கு வயது ஒரு காரணமே தவிர, அது மட்டுமே காரணம் அல்ல. வெயிலும் தேய்மானமும் வளர்ந்த பறவையின் பழைய இறகையும் வெளிறச் செய்யும். படத்தில் வெளிச்சம் மிகுந்துவிட்டால் புத்தம் புதிய கருப்பு இறகுகூடப் பழுப்பாகத் தெரியும். ஆகவே பறவையின் வயதைக் கேட்பதற்கு முன்னால், அதன் ஒவ்வொரு இறகும் எப்போது முளைத்தது என்று கேட்பது நல்லது.

காகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தில் உடல் நல்ல கருப்பாகவும், மடக்கிய இறக்கையும் வாலும் பழுப்பாகவும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்படி உடலும் இறக்கையும் இரு வேறு நிறத்தில் இருந்தால், கோளாறு வெளிச்சத்தில் இல்லை என்பது முதலில் உறுதியாகிறது; வெளிச்சம் காரணமாக இருந்தால் உடலும் சேர்ந்தே வெளிறியிருக்கும். அடுத்து, படத்தைப் பெரிதாக்கி இறக்கையின் நீண்ட இறகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவை அனைத்தும் ஒரே அளவில் பழுப்பாக, இடையில் ஒரு புதிய இறகும் இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் ஓராண்டு நிரம்பாத காகம். குஞ்சுக் காகம் தன் முதல் இறகுதிர்ப்பில் உடல் இறகுகளைத்தான் மாற்றிக்கொள்கிறது. கூட்டில் ஒரே சமயத்தில் முளைத்த பறக்கும் இறகுகளும் வாலிறகுகளும் அப்படியே தங்கிவிடுகின்றன. அவசரமாக வளர்ந்த அந்த இறகுகள் தரத்தில் தாழ்ந்தவை என்பதால் விரைவில் வெளிறுகின்றன.

மாறாக, இறக்கையின் நடுப்பகுதியில் சில இறகுகள் மட்டும் பளபளக்கும் கருப்பாகவும், நுனியை நோக்கிச் செல்லும் மற்றவை பழுப்பாகவும் இருந்தால், அந்தப் பறவை பறக்கும் இறகுகளை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வளர்ந்த காகமும் இப்படித் தெரியும், முதன்முறையாக அவற்றை மாற்றும் ஓராண்டுக் காகமும் இப்படித் தெரியும். இங்கே உதவுவது இன்னும் உதிராத பழைய வாலிறகின் நுனி: இளம்பறவையில் அது ஒடுங்கிக் கூராகவும், வளர்ந்த பறவையில் அகன்று சற்றுச் சதுரமாகவும் இருக்கும். நுனி தேய்ந்து பிய்ந்திருந்தால் வயதை எழுதாமல் விடுவதே நேர்மை. வெயிலில் அலகைத் திறந்து மூச்சிரைக்கும் காகத்தின் படம் கிடைத்தால் வேலை எளிது. இளங்காகத்தின் வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்து, வளர வளரக் கருக்கிறது.

சிட்டுக்குருவியில் இந்த முறை செல்லாது. அதன் குஞ்சு சில மாதங்களுக்குள் பறக்கும் இறகுகள் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடுவதால், அதன் பிறகு இறகை வைத்து வயதைச் சொல்ல வழியில்லை. அதற்கு முன் எடுத்த படத்தில் வாயோரத்தில் தடித்துத் தெரியும் மஞ்சள் சதையே நம்பத்தக்க அடையாளம். பெண் குருவியும் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் பலர் இறக்கை நடுங்குவதைப் பார்த்துக் குஞ்சு என்கிறார்கள்; இணைசேர அழைக்கும் பெண் குருவியும் அதே போல இறக்கையை நடுக்கும். தொண்டையில் கருப்பு குறைந்த ஆணை இளசு என்பதும் தவறு. இறகுதிர்ப்பு முடிந்த ஆணின் கருந்தொண்டையைப் புதிய இறகுகளின் வெளிர் நுனிகள் மறைத்திருக்கும். நுனிகள் தேய்ந்த பிறகுதான் கருப்பு முழுதாக வெளிப்படும்.

பருந்துகளில் தவறு வயதோடு நிற்காமல் இனத்தையே மாற்றிவிடுகிறது. வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்தின் இளம்பறவை முழுக்கப் பழுப்பாக இருப்பதால் அதைக் கரும்பருந்து என்று எழுதிவிடுகிறார்கள். பறக்கும் படத்தில் வாலைப் பார்க்க வேண்டும். செம்பருந்தின் வால் எந்த வயதிலும் வட்டமாக முடியும். கரும்பருந்தின் வால் கவட்டையாக இருக்கும். ஆனால் கரும்பருந்து வாலை விசிறி போல விரித்த நொடியில் எடுத்த படத்தில் கவட்டை மறைந்து விளிம்பு நேராகிவிடும். அப்போதும் வாலின் இரு மூலைகளும் கூராகவே இருக்கும், செம்பருந்தில் அவை மழுங்கியிருக்கும். இளம் கரும்பருந்தின் கவட்டை இயல்பாகவே ஆழம் குறைந்தது என்பதால், அதன் வயதுக்கு மார்பிலும் முதுகிலும் பரவிய வெளிர் கோடுகளையும் புள்ளிகளையும் தேட வேண்டும். இறக்கையின் பின்விளிம்பையும் பார்க்கலாம்: கூட்டைவிட்டு வந்து சில மாதங்களே ஆன பறவையில் அது இடைவெளியின்றி ஒழுங்காக இருக்கும், இரு இறக்கைகளிலும் ஒரே இடத்தில் இறகு விடுபட்டிருந்தால் அது இறகுதிர்ப்பு, அந்தப் பறவை அவ்வாண்டுக் குஞ்சு அல்ல.