சாமைக் கிண்ண உணவு: இரவு வேளைக்குச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் சோறும் குழம்பும் கனமாக இருக்கிறது என்று சொல்லி, சாமையும் முளைகட்டிய பயறும் பச்சைக் காய்களும் கலந்த கிண்ண உணவுக்கு மாறும் குடும்பங்கள் வேலூரில் பெருகிவருகின்றன. ஜவ்வாது மலையில் விளையும் சாமை இங்கு எளிதாகக் கிடைப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் இரண்டு வாரத்திலேயே பலர் பழைய சோற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குச் சாமையின் சுவையைவிட, அளவிலும் செய்முறையிலும் நேரும் சில தவறுகளே காரணம் என்பது என் கருத்து.

முதல் தவறு, சாமை என்றாலே வயிற்றுக்கு இலேசு என்று நம்பிச் சோற்றின் அளவுக்கே அதையும் போடுவது. எடைக்கு எடை பார்த்தால் சாமையின் கலோரி அரிசிக்கு ஏறக்குறைய நிகரானதுதான். நார்ச்சத்து கூடுதல் என்பதற்காக அதன் மாவுச்சத்து மறைந்துவிடாது. எங்கள் வீட்டில் நால்வருக்கு இரண்டு டம்ளர் சாமையும் ஒரு கைப்பிடி பயறுமாகத் தொடங்கினோம். சாப்பிட்டதும் வயிறு கனத்தது. பத்து மணிக்கு மறுபடியும் பசித்தது. இப்போது ஒரு டம்ளர் சாமை, முக்கால் டம்ளர் பச்சைப்பயறு, முக்கால் கிலோ அளவுக்குக் காய்கள் என்று மாற்றிக்கொண்டோம். கிண்ணத்தில் பாதி காய், மீதியில் தானியமும் பயறும் சரிபாதி என்று கண்ணால் பார்த்தே அளந்துகொள்ளலாம்.

அடுத்தது, பிரஷர் குக்கர். சாமை சிறிய மணி என்பதால் குக்கரில் ஒரு விசில் கூடினாலும் குழைந்துபோகும். குழைந்த சாமையோடு வெள்ளரியைக் கலந்தால் அது பத்தியக் கஞ்சி போல ஆகுமே தவிர சாலட் ஆகாது. கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, அடிகனமான பாத்திரத்தில் ஒரு டம்ளருக்கு ஒன்றேமுக்கால் டம்ளர் கொதிநீர் விட்டு, மூடிபோட்டுச் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு மேலும் பத்து நிமிடம் திறக்காமல் விட வேண்டும். ஒரு மணியை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது, ஆனால் பக்கத்து மணியோடு ஒட்டவும் கூடாது. பின்பு அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். சூடாகவே கலந்தால் காய்கள் வதங்கி நீர்விடும். அதற்காக, மாலையில் வடித்ததை இரவு வரை வெளியிலேயே வைத்திருப்பதும் தவறு. வெந்த தானியத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, வேலூர் வெயிலில் அதற்கும் முன்பாகவே பயன்படுத்திவிட வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது முளைப்பயறைப் பற்றித்தான். பயறு முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் கிருமிகள் பெருகுவதற்கும் ஏற்றவை. கோடையில் துணியில் கட்டிய பயறு பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே முளைவிட்டுவிடும். அதைத் தாண்டியும் மூட்டையை அவிழ்க்காமல் விட்டால் கொழகொழப்பும் புளித்த வாடையும் வந்துவிடும். அத்தகைய பயறைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள். நல்ல முளையையும் பச்சையாகப் போடாமல் இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வேகவைப்பதே பாதுகாப்பு. குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் வேண்டாம்.

உப்பை முன்கூட்டியே போடுவதும் கிண்ணத்தைக் கெடுக்கும். உப்பு, வெள்ளரியிலும் தக்காளியிலும் உள்ள நீரை வெளியே இழுப்பதால், அரை மணி நேரத்தில் அடியில் குளம் கட்டிச் சாமை ஊறிவிடும். நறுக்கிய வெள்ளரிக்கு மட்டும் சிறிது உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டு, அந்த நீரை மோரில் சேர்த்துக்கொள்ளலாம். தக்காளியின் விதைச் சதையை நீக்கிவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் மீதி உப்பும் பரிமாறும்போது சேர்த்தால் போதும்.

புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரிக்காயையும் இதில் சேர்க்கலாம். ஆனால் எண்ணெயில் வதக்கிச் சேர்ப்பவர்கள், இலேசான உணவு என்ற நோக்கத்தையே இழக்கிறார்கள். கத்தரியின் சதை பஞ்சு போன்றது, ஊற்றிய எண்ணெயையெல்லாம் குடித்துவிடும். காம்பு முள்ளைக் கவனமாக நீக்கி, தோலில் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் குத்தி, நேரடித் தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டுத் தோலுரித்து, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை இரண்டு கரண்டியோடு பிசைந்து மேலே வையுங்கள். குத்தாமல் சுட்டால் உள்ளே அடைபட்ட ஆவியால் காய் வெடிக்கும்.

மீந்தால், எலுமிச்சை சேர்த்த கிண்ணத்தை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள். கலக்காத சாமையைக் குளிர்பெட்டியில் மூடிவைத்து, காலையில் ஆவியில் நன்றாகச் சூடேற்றிப் பயன்படுத்தலாம்.