புயலில் மரம் விழுந்து கார் நசுங்கினால்: இழப்பீட்டுக் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வாசலிலும் தெரு ஓரத்திலும் நிறுத்தியிருந்த கார்கள் பல அவற்றின் அடியில் சிக்கின. காப்பீடு இருந்தவர்கள் மறுநாளே காகிதம் எடுத்து எழுத உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பதற்றத்தில் எழுதும் கடிதம் எங்கெங்கே கோணலாகப் போகிறது என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

சொந்த வீடு. காம்பவுண்டுக்குள் ஒரு பெரிய குல்மோகர் மரம். சுவரை ஒட்டித் தெருவில் நிறுத்தியிருந்த, நாலரை வயதான ஒரு சின்ன கார். மரம் சாய்ந்ததில் சுவரும் இடிந்தது, காரும் நசுங்கியது. வீட்டுக்காரர் இப்படி எழுதுகிறார்:

“ஐயா, நேற்று அடித்த புயலில் எங்கள் வீட்டு மரம் விழுந்து காரும் சுவரும் முற்றிலும் சேதமடைந்துவிட்டன. மரம் ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது. மாநகராட்சியிடம் பலமுறை சொல்லியும் பலனில்லை. இழப்பீடாக ரூ.2,00,000 வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

மனசு நொந்து எழுதியது, புரிகிறது. ஆனால் நாலு வரியும் நாலு விதத்தில் அவருக்கே எதிராக நிற்கும்.

முதலில், காரையும் சுவரையும் ஒரே கடிதத்தில் கட்டியது. சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வீட்டுக்கு பாலிசி இருக்கிறது, மரம் வீட்டு மரம், அதனால் எல்லாவற்றையும் வீட்டு பாலிசியில் கேட்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ வீட்டு பாலிசியில் புயல் சேதத்துக்கு இடம் உண்டு, காம்பவுண்டு சுவரும் கட்டடத்தின் பகுதியாகவே வரும். ஆனால் வாகனங்களைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்திருந்தால் ஒழிய அது விலக்கிவிடுகிறது. ஆக, சுவருக்கு ஒரு கடிதம் வீட்டு பாலிசிக்கு; காருக்கு இன்னொரு கடிதம் மோட்டார் பாலிசிக்கு. இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தாலும் பாலிசி எண் வேறு, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரும் வேறாக இருக்கலாம். இரண்டு கடிதத்திலும் சம்பவ நேரமும் மரம் விழுந்த விதமும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

கார் பாலிசியும் எந்த வகை என்று எழுதுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். பிறருக்கு நேரும் இழப்புக்கு மட்டுமான தேர்ட் பார்ட்டி பாலிசியில் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்த காரின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி இருந்தால்தான் வரும். அதில் புயல், சூறாவளி, வெள்ளம், ஆலங்கட்டி மழை எல்லாம் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கும். மரம் விழுவது என்று தனியாகத் தேட வேண்டாம். புயல் மரத்தைச் சாய்த்தது, மரம் காரை நசுக்கியது. இந்தச் சங்கிலி கடிதத்தில் அறுபடாமல் தெரிந்தால் போதும்.

அப்புறம், “நேற்று அடித்த புயலில்” என்பது. கடிதம் எந்தத் தேதியில் படிக்கப்படும் என்று யாருக்குத் தெரியும்? தேதியை எண்ணில் எழுதுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, மரம் விழுவதை நீங்கள் பார்க்காவிட்டால் பார்த்ததாக எழுதவே கூடாது. “மாலை 3.40-க்கு என் கண்ணெதிரே விழுந்தது” என்று எழுதிவிட்டு, அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்ததாக சர்வேயரிடம் பேச்சுவாக்கில் சொன்னால், உண்மையான சேதத்தின் மீதும் சந்தேகம் விழும். “மதியம் 1 மணிக்குப் பார்த்தபோது கார் நன்றாக இருந்தது. மாலை 5 மணிக்குக் காற்று தணிந்து வெளியே வந்தபோது மரம் அதன் மேல் கிடந்தது” என்பதே போதும். இரண்டு நேரங்களுக்கு இடையில் புயல் வீசியதற்கு வானிலை ஆய்வு மையத்தின் பதிவே சாட்சி.

“மரம் ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது” என்ற வரிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வாகனத்தைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. பட்ட மரம் என்று தெரிந்தே அதன் அடியில் தினமும் காரை நிறுத்தினீர்களா என்று உடனே கேள்வி வரும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. அந்த மரம் உண்மையிலேயே பட்டதா என்று தெரியாமல் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன். குல்மோகர் இலையுதிர்க்கும் மரம். மொட்டையாக நின்றதால் பட்டது என்று ஆகிவிடாது. மென்மையான கட்டையும் ஆழமில்லாத வேரும் உள்ள மரம் என்பதால், பசுமையாக இருக்கும்போதே ஊறிய மண்ணில் வேரோடு பெயர்ந்துவிடும். பெயர்ந்த வேர்ப்பகுதியையும் அது விட்டுப்போன குழியையும் ஒரு படம் எடுத்தால், மரம் எப்படி விழுந்தது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். கிளை வெட்ட மாநகராட்சிக்கு மனு கொடுத்திருந்தால் அதன் நகலைத் தேதியோடு இணையுங்கள். அது நீங்கள் அக்கறை எடுத்துக்கொண்டதற்கு அத்தாட்சி. “பலமுறை சொல்லியும்” என்ற புலம்பல் எதற்கும் அத்தாட்சி ஆகாது.

பக்கத்து வீட்டு மரம் உங்கள் கார் மேல் விழுந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சண்டை வேண்டாமென்று “உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, தவறு செய்தவரிடம் அதை வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. அதை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

“முற்றிலும் சேதம்” என்பதற்கு மோட்டார் பாலிசியில் ஒரு கணக்கு இருக்கிறது. பழுது பார்க்கும் செலவு ஐடிவி-யின், அதாவது பாலிசியில் காருக்குக் குறித்த மதிப்பின், 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் மொத்த இழப்பு. அதை நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. எது நசுங்கியது என்று பார்த்தபடி எழுதுங்கள். கூரைத் தகட்டின் இடது பாதி உள்வாங்கியிருக்கிறது, முன் கண்ணாடி சிதறியிருக்கிறது, பானெட் நடுவில் மடிந்திருக்கிறது, முன் பம்பர் பிளந்திருக்கிறது. போன வருடம் பின் கதவில் விழுந்த கீறலைச் சேர்த்துவிடும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அடிமரம் முன்பக்கம் குறுக்காகக் கிடக்கும் படத்தில் பின் கதவுக் கீறல் பொருந்தாது. பழைய கீறலில் துரு ஏறியிருப்பதை சர்வேயர் கண்டுகொள்வார்.

இத்தனையும் சேர்த்து அந்தக் கடிதத்தைத் திருப்பி எழுதினால் இப்படி வரும்:

“12.12.2016 அன்று மதியம் 1 மணிக்கு என் கார் எங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவரை ஒட்டித் தெருவில் பூட்டி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. மாலை 5 மணிக்கு வெளியே வந்தபோது, காம்பவுண்டுக்குள் இருந்த குல்மோகர் மரம் புயல் காற்றில் வேரோடு சாய்ந்து காரின் முன்பகுதி மேல் கிடந்தது. கூரையின் இடது பாதி, முன் கண்ணாடி, பானெட், முன் பம்பர் சேதமடைந்துள்ளன. உள்பாகங்களின் நிலை தெரியவில்லை. காரை இயக்கிப் பார்க்கவில்லை. மரத்தை அகற்றும் முன் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். சர்வேயரை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

“உள்பாகங்களின் நிலை தெரியவில்லை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பானெட்டைத் திறந்த பிறகு ரேடியேட்டர் நெளிந்திருப்பது தெரிந்தால், கடிதத்தில் இல்லையே என்ற வாதம் எழாது. காரை இயக்காமல் விட்டதும் முக்கியம். பழுது பார்க்காமல் ஓட்டி அதனால் சேதம் கூடினால், அந்தக் கூடுதல் உங்கள் தலையில்தான்.

கடிதத்தோடு கிளெய்ம் படிவமும் நிரப்ப வேண்டும். அதில் ஓட்டுநர் பெயர், லைசென்ஸ் எண் கேட்டிருக்கும். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று மகன் பெயரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மகனின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால், நின்றிருந்த காருக்கு ஓட்டாதவரின் லைசென்ஸ் பிரச்சினை முளைக்கும். அந்தக் கட்டத்தில் “நிறுத்தப்பட்டிருந்தது, ஓட்டுநர் இல்லை” என்று எழுதுங்கள்.

கடிதம் சரியாக இருந்தும் கெடுவது, சர்வேயர் வருவதற்குள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவதால். தெருவை மறித்த மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்கு முன், காரும் மரமும் வீடும் ஒரே ஃபிரேமில் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, நம்பர் பிளேட்டும் அடிமரமும் சேர்ந்து ஒன்று, ஒவ்வொரு சேதத்துக்கும் கிட்டத்தில் ஒன்று எனப் படம் எடுங்கள். ஆனால் காரை மெக்கானிக்கிடம் விட்டுத் தட்டி நிமிர்த்திவிட்டுக் கடிதம் எழுதினால், சர்வேயர் எதைப் பார்த்து மதிப்பிடுவார்?

தகவலை உடனே எழுத்தில் தர வேண்டும் என்பதும் பாலிசி நிபந்தனை. புயலுக்குப் பின் போனும் மின்சாரமும் இல்லாமல் தாமதமானால், காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் வந்த தாமதத்தை மட்டும் வைத்து நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

கடைசியாக அந்த ரூ.2,00,000. கடிதத்தில் தொகை கேட்கவே வேண்டாம். ஒர்க்‌ஷாப் தரும் எஸ்டிமேட் போதும். அதிலும் முழுத்தொகை வராது என்பது முன்பே தெரிந்திருப்பது நல்லது. நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் காரில் உலோக பாகங்களுக்குத் தேய்மானம் 35 சதவீதம், பிளாஸ்டிக்குக்கு 50, கண்ணாடிக்கு இல்லை. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பெயின்ட்டின் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். நம் காருக்கு உலோகம் 40,000, கண்ணாடி 9,000, பம்பர் 10,000, கூலி 15,000, பெயின்டிங் 20,000 என்று ரூ.94,000-க்கு பில் வந்தால், கிடைப்பது முறையே 26,000, 9,000, 5,000, 15,000, 17,500. மொத்தம் 72,500. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போக ரூ.71,500. வரியை இங்கே சேர்க்கவில்லை. ‘ஜீரோ டெப்’ கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இருக்காது.

சேதம் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே கடிதத்தை அனுப்புங்கள். பம்பர் மட்டும் உடைந்து கைக்கு 4,000 வரும் என்றால், கிளெய்ம் செய்ததால் அடுத்த வருட பிரீமியத்தில் இழக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அதைவிட அதிகமாக இருக்கலாம். அனுப்புவது என்று முடிவானால் ஈமெயிலிலும் ஒரு பிரதி போகட்டும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், கிளெய்ம் எண்ணை அதே நகலின் மேல் குறித்து வையுங்கள்.