ஹிரோஷிகேயின் பிளம் மரத்திலிருந்து வான்கோவின் விதைப்பவன் வரை: ஒரு வெட்டுக்கோட்டைத் தேடிப் பார்க்கும் முறை

ஜப்பானின் 'மிதக்கும் உலக' மர அச்சுகள் ஐரோப்பிய ஓவியத்தின் சட்டகத்தை எப்படி மாற்றின என்பதை உங்கள் கையாலேயே வரைந்து அறிய, அச்சோவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட கமெய்தோ பிளம் தோட்டக் காட்சியும், வின்சென்ட் வான்கோ 1888 நவம்பரில் ஆர்ல் நகரில் தீட்டிய 'விதைப்பவன்' ஓவியமும் போதும்.

முதலில், அச்சின் முழுப்படத்தையும் ஓரம் வெட்டப்படாத பிரதியாகத் தேடி எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல படங்களில் விளிம்பு நறுக்கப்பட்டிருக்கும். நாம் ஆராயப்போவதே விளிம்பைத்தான் என்பதால், அந்தப் பிரதிகள் பயன்படா.

அடுத்து, ஒரு தாளால் முன்னால் நிற்கும் பெரிய மரத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள். வேலிக்கு அப்பால் பூப் பார்க்க வந்த சிறு உருவங்களும், பச்சைத் தரையும், சிவந்த வானமுமாக ஒரு சாதாரணத் தோட்டக் காட்சியே மிஞ்சும். தாளை எடுத்ததும் மரம் கண்ணருகே வந்து நிற்கும். அதன் கிளைகள் சட்டகத்தில் முடியாமல் வெளியே ஓடிவிடும். நடுத்தூரம் என்ற ஒன்றே காட்சியில் அநேகமாக இல்லை.

மூன்றாவதாக, ஒளி ஊடுருவும் தாளில் கட்டங்கள் போட்டு மரத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். வான்கோ செய்ததும் இதுவே: 1887இல் பாரிஸில் இந்த அச்சைக் கட்டமிட்டுப் படியெடுத்து, எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அச்சு ஒடுக்கமானது, அவருடைய ஓவியத் துணி அகலமானது. அதனால் இருபுறமும் ஜப்பானிய எழுத்துகள் கொண்ட ஆரஞ்சுப் பட்டைகளைச் சேர்த்தார். அவற்றை ஹிரோஷிகேயின் அமைப்பென்று எண்ணிப் படியெடுத்துவிடாதீர்கள்.

இனி 'விதைப்பவன்' ஓவியத்தை அதே முறையில் வரைந்து, இரு தாள்களையும் அருகருகே வையுங்கள். நிமிர்ந்த சட்டகம் இங்கே படுத்துவிட்டது; பூக்கள் போய், கிளை வெட்டுண்ட மரமொன்று குறுக்கே சாய்ந்து நிற்கிறது; உழவனின் தலைக்குப் பின்னால் பெரிய மஞ்சள் சூரியன் இருக்கிறது. மரத்தை மறைத்துப் பார்த்தால் அது பழகிய உழவுக் காட்சிதான். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமென எதிர்பார்க்காதீர்கள். அண்மையும் தூரமும் மோதும் விதமே இடம்பெயர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சாய்ந்த மரம் தென்பட்டதும் ஜப்பான் என்று முத்திரை குத்திவிடக்கூடாது. அந்த நவம்பரில் பிரெஞ்சு ஓவியர் கோகன் ஆர்லில் வான்கோவுடன் தங்கியிருந்தார். சற்று முன்னர், ஒரு மரம் குறுக்கே பிளக்கும் தம் 1888ஆம் ஆண்டு ஓவியத்தை வரைகோட்டுடன் வான்கோவுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தும் இருந்தார். ஆகவே இந்த மரம் அச்சிலிருந்து நேராகவும் வந்திருக்கலாம், கோகன் வழியாகவும் வந்திருக்கலாம். கையில் அந்த 1887ஆம் ஆண்டுப் படியெடுப்பு இருப்பதால், நான் முதல் வழிக்கே அதிக இடம் கொடுப்பேன்.