முதற்காட்சிக்குள்ளேயே விஷயம் இருக்கட்டும்

கிளிநொச்சியில் காலபோக நெல்லைக் காயவைக்கத் தளம் இல்லாதது பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள் என்று வைப்போம். பலர் இரணைமடுக் குளத்தில் சூரியன் உதிப்பதில் தொடங்குவார்கள். அழகுதான், ஆனால் அங்கிருந்து நெல்லுக்கு வர இரண்டு பந்தி செலவாகும்.

முதலில் மையக் கருத்தை ஒரே வசனத்தில் எழுதுங்கள்: 'ஈரம் போகாததால் விவசாயி குறைந்த விலைக்கு விற்கிறார்.' அப்புறம், இது கண்முன்னே நடக்கும் இடத்தைத் தேடுங்கள். வீதியோரம் படங்கு விரித்து நெல் பரப்பியிருக்கிறார் ஒருவர். ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடிக்கிறார். 'டக்' என்று உடையவில்லை, நசிகிறது. மேற்கே மேகம் கறுக்கிறது. வியாபாரியின் லொறி வந்து நிற்கிறது.

இங்கே நிறுத்துங்கள். விலை பேசி முடிவதைச் சொல்லிவிட்டால் வாசகர் மேலே படிக்கக் காரணம் இல்லை. அடுத்த பந்தி அந்தக் கடியிலிருந்தே கிளம்பலாம்: 'நெல் சந்தைப்படுத்தும் சபையின் முழு விலை கிடைக்க ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பல்லில் நசியும் நெல்லுக்கு அந்த விலை இல்லை.' 'இதுபோலத்தான் பலரும்' என்ற ஒட்டு வசனமே தேவையில்லை.

காட்சியை மறைத்துவிட்டு இரண்டாம் பந்தியை மட்டும் வாசித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் காட்சி வெறும் அலங்காரம், மாற்றுங்கள். லொறி வந்ததை நீங்கள் நேரில் பார்க்கவில்லையா? அந்த ஐயாவிடம் கேட்டு, அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.