மின்னஞ்சலில் வீடியோ படம்: கிளிக்கை எண்ணும்போது நேரும் தவறுகள்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணாவுக்காக, சேலத்திலிருந்தபடி மாதம் ஒரு நியூஸ்லெட்டர் அனுப்புகிறேன். கோடை மழை இறங்கி ஒரு வாரம், பத்து நாளில் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாடியும் போகும். இந்த முறை அந்தப் பூவை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்தோம். அதிலிருந்து ஒரு காட்சியைப் படமாக்கி, நடுவில் பிளே பட்டன் வரைந்து, லிங்க் கொடுத்துக் கடிதத்தில் வைத்தோம்.

மறுநாள் காலையிலேயே அண்ணா கூப்பிட்டார். "தம்பி, 168 பேர் வீடியோ பாத்துட்டாங்க போலிருக்கே!"

ரிப்போர்ட்டில் 168 என்றுதான் இருந்தது. ஆனால் படத்தைத் தட்டி வந்து வீடியோவை ஓடவிட்டவர்கள் 33 பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் எல்லாத் தவறுகளும் இருக்கின்றன.

எல்லா லிங்கையும் ஒன்றாக எண்ணுவது

அந்த 168 மூன்று லிங்குகளின் கூட்டுத்தொகை. தம்ப்நெயிலுக்கு 96, அதன் கீழே எழுத்தில் இருந்த "வீடியோவைப் பார்க்க" என்ற வரிக்கு 40, காப்பித்தூள் ஆர்டர் பக்கத்துக்கு 32. படமும் வரியும் ஒரே பக்கத்துக்குத்தான் போகின்றன. முகவரியில் அடையாளம் வைக்காவிட்டால் எதைத் தட்டி வந்தார்கள் என்று நம் இணையதளத்தின் கணக்கில் தெரியாது. அதனால் படத்துக்கு இப்படி:

```
https://example.com/kaapi-poo?utm_source=kaditham&utm_medium=email&utm_campaign=poo-mazhai&utm_content=thumb
```

எழுத்து வரிக்குக் கடைசிச் சொல்லை மட்டும் `text` என்று மாற்றினால் போதும். லிங்கை நேரே யூடியூபுக்குக் கொடுத்துவிடுவதும் பலர் செய்கிற தவறு. அந்தப் பக்கம் நம்முடையதல்ல. அதனால் இந்த அடையாளங்கள் நம் கணக்கில் வந்து சேராது.

அடுத்து, 96 என்பது தட்டல்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவரே மூன்று முறை தட்டினால் மூன்றாகச் சேரும். பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் வீடியோ கடிதத்துக்குள் ஓடாது. படத்தைத் தட்டியதும் ஓடும் என்று நினைத்தவர், வேறு பக்கம் திறந்ததும் திரும்பி வந்து மறுபடி தட்டுவார். ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு கிளிக் என்று எண்ணும் தனிக் கிளிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது 74 ஆனது.

அந்த 74-இலும் 14 மனிதர்கள் அல்ல. அண்ணாவிடம் வாங்குபவர்களில் சிலர் அலுவலக முகவரி கொடுத்திருக்கிறார்கள். அலுவலக மின்னஞ்சலுக்குக் காவல் நிற்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் சில, கடிதத்தில் உள்ள லிங்குகளைத் தாமே திறந்து சோதித்துவிடும். கிளிக் நேரங்களை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பிடிபடும்: கடிதம் போய்ச் சேர்ந்து பத்து விநாடிக்குள் மூன்று லிங்கும் வரிசையாகத் திறந்திருக்கும். படித்துப் பார்க்கிற எவரும் அப்படிச் செய்ய மாட்டார். தாமதமாகச் சோதிக்கும் மென்பொருள் இந்த வலையில் சிக்காது. அதனால் இது முழு வடிகட்டல் அல்ல. ஆனாலும் பெரும்பங்கு போய்விடும்.

மிச்சம் 60 பேர்.

எதால் வகுப்பது?

நாங்கள் அனுப்பியது 1,200. திரும்பி வந்தவை 40. போய்ச் சேர்ந்தவை 1,160. 60-ஐ 1,160-ஆல் வகுத்தால் 5.2 சதவீதம். இதுதான் தம்ப்நெயிலின் கிளிக் விகிதம். திறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். திறப்பு எண்ணிக்கையோ கடிதத்தில் ஒளித்து வைத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இறங்குவதை நம்பித்தான் நடக்கிறது. ஆப்பிளின் மெயில் செயலியில் படிக்கும் வாசகர் கூடக்கூட அந்த எண் தானாக வீங்கும். படம் நன்றாக இருந்தும் விகிதம் இறங்கியதுபோலத் தெரியும்.

தட்டியதும் ஓடிவிடும் என்று நம்புவது

எனக்கு அதிகம் வலித்த இடம் இது. 60 பேர் தட்டினார்கள். பக்கத்தில் வந்து சேர்ந்ததாகப் பதிவானது 51 வருகை. கடிதத்தை அனுப்பும் சேவை கிளிக்கைத் தன் வாசலிலேயே எண்ணிவிடுகிறது. வருகையோ பக்கம் திறந்து, அதிலுள்ள நிரல் ஓடிய பிறகுதான் பதிவாகும். சிக்னல் மெதுவான இடத்தில் பாதியில் மூடியவர்கள் நடுவில் காணாமல் போவார்கள். அந்த இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த 51-இல் ஓடவிட்டது 33 தான். 18 பேர் பக்கம் வரை வந்தும் வீடியோவைப் பார்க்கவில்லை. என் போனில் நானே தட்டிப் பார்த்தேன். மேலே தோட்டத்தின் நீளமான புகைப்படம். வீடியோ அதற்குக் கீழே, திரையில் தெரியாத உயரத்தில். பிளே பட்டன் போட்ட படத்தைத் தட்டி வந்தவருக்கு முதலில் தெரிந்தது அசையாத ஒரு புகைப்படம். சத்தத்தோடு தானாக ஓடுவதை இன்றைய பிரௌசர்கள் பொதுவாகத் தடுக்கும். சத்தமில்லாமல் ஓடலாம், அதையும் ஐபோனின் பேட்டரி சேமிப்பு நிலை நிறுத்திவிடும். ஆக, பக்கத்தில் இரண்டாவது முறை ஒருவர் விரல் பட வேண்டும் என்று வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு சிக்கல். ஆட்டோபிளே போட்டுவைத்தால் சிலருக்கு ஓடும், சிலருக்கு ஓடாது. கூகுள் அனலிட்டிக்ஸில் வீடியோ தொடங்கியதைக் குறிக்கும் `video_start` பதிவு, தானாக ஓடியதையும் விரல் வைத்ததையும் பிரித்துச் சொல்லாது. நான் ஆட்டோபிளேயை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு `video_start`-க்கும் பின்னால் ஒரு விரல் உண்டு. பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோவுக்கு இந்தப் பதிவு வர, முகவரியில் இது இருக்க வேண்டும்:

```
https://www.youtube.com/embed/VIDEO_ID?enablejsapi=1
```

புகைப்படத்தைக் கீழே இறக்கி, வீடியோவை உச்சியில் வைத்தேன். கடிதத்தில் இருந்த அதே பூப்படத்தையே வீடியோவின் முகப்பாக்கினேன். தட்டியவருக்குச் சரியான இடத்துக்கு வந்த நிம்மதி அந்தப் படத்தில் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் 47 வருகைக்கு 39 பேர் ஓடவிட்டார்கள்.

கிளிக் விகிதம் அந்த மாதம் கூடவில்லை. அதை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் மாறவில்லை என்றுதான் நினைத்திருப்பேன்.

சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக எடுப்பது

அண்ணாவுக்கு ஆசை வந்துவிட்டது. பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பூவின் நெருக்கக் காட்சி, மறுபாதிக்குப் பூப்பரந்த சரிவு. வடிகட்டிய பின் கிளிக் 33, 27. "பூதான் ஜெயிச்சுது தம்பி, இனிமே அதையே போடுங்க" என்றார். இரு பாதியும் சமமாக, விகிதம் சிறியதாக இருக்கும்போது ஒரு சுலபக் கணக்கு உண்டு: இரண்டையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரட்டிப்பாக்குங்கள். 60-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.7, இரட்டித்தால் 15. வித்தியாசம் 15-ஐத் தாண்டினால்தான் நம்பலாம். எங்களுக்குக் கிடைத்தது 6. அடுத்த பூவுக்கும் இரண்டு படத்தையும் அனுப்பி, எண்களைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். படம் தெரியாதபடி அணைத்து வைத்திருப்பவர்களுக்காக, மாற்று எழுத்தில் "காப்பிப் பூ வீடியோ, 2 நிமிடம்" என்று இரண்டு படத்துக்கும் ஒன்றையே வைத்துவிட்டேன். அது வேறாக இருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.