ஆட்குறைப்புக் கடிதம்: நீண்டகால ஊழியருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் எழுதும் ஆட்குறைப்புக் கடிதங்கள் சரிபார்க்க என்னிடம் வரும்போதெல்லாம், நாங்கள் ஆரம்ப காலத்தில் எழுதிய அதே வரிகள் அப்படியே வந்து நிற்கின்றன. பெயரில் எழுத்துப்பிழை, தேதி மாறிப்போவது இதெல்லாம் இன்னொரு முறை படித்தாலே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தெரிந்து, பின்னால் பெரிய சேதம் செய்யும் வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலை. ஸ்டோர்ஸ் கிளார்க்காக 22 வருடம் 7 மாதம் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 20,800 ரூபாய். ஸ்டோர்ஸ் கணக்கு முழுக்க கம்ப்யூட்டருக்கு மாறியதால் மூன்று கிளார்க் வேலைகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. அவருக்கு என்ன எழுதுவது?

“நிர்வாகக் காரணங்களுக்காக” என்று எழுதுவது

இந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. சட்டமும் நோட்டீஸில் காரணத்தைச் சொல்லத்தான் சொல்கிறது. என்ன மாறியது, எந்த வேலை இல்லாமல் போகிறது, எப்போது முதல் என்று மூன்று வாக்கியம் போதும்: “வரும் ஜூன் 1 முதல் ஸ்டோர்ஸ் இருப்புக் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கும். இதனால் இப்போதுள்ள மூன்று கிளார்க் பணியிடங்களில் ஒன்று மட்டுமே இருக்கும். நீங்கள் பார்த்துவந்த பணியிடம் நீக்கப்படுகிறது.”

நீக்கப்படுவது பணியிடம். அந்த வாக்கியத்தின் எழுவாய் அதுவாகவே இருக்கட்டும். இன்னொன்று, “உங்கள் வேலைத்திறனும் கருத்தில் கொள்ளப்பட்டது” என்று பக்கத்தில் ஒட்டவைக்காதீர்கள். அப்படி எழுதிய நிமிடமே அது ஆட்குறைப்பாக இல்லாமல் தண்டனையாக மாறிவிடுகிறது. விசாரணை நடத்தாமல் எப்படித் தண்டித்தீர்கள் என்று கேள்வி வரும். இவ்வளவு வருடம் குறை சொல்லாமல் வேலை வாங்கிவிட்டு, கடைசிக் கடிதத்தில் குறை சொல்வது நியாயமும் இல்லை.

“உங்கள் கணக்கு பின்னர் தீர்க்கப்படும்”

இந்த ஒரு வரி இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. மாதிரிக் கடிதங்களை நகலெடுப்பவர்கள் எல்லோரிடமும் இது இருக்கும்: “நீங்கள் எல்லாத் துறைகளிடமும் நோ டியூஸ் கையெழுத்து வாங்கி ஒப்படைத்த பிறகு, உங்களுக்குச் சேர வேண்டிய தொகை 45 நாட்களுக்குள் முழுமையாகத் தீர்க்கப்படும்.” ராஜினாமா செய்தவருக்கு எழுதும் கடிதத்திலிருந்து எடுத்து இங்கே ஒட்டுகிறார்கள்.

ஆட்குறைப்பின் கதை வேறு. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவு, ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய நிபந்தனைகள் வைத்தது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு, அதுவும் ஆட்குறைப்பு செய்யும் நேரத்திலேயே. அப்புறம் அரசுக்குத் தகவல். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே அமைப்புதான் தொடர்கிறது. இழப்பீட்டைக் கொடுப்பது முன்நிபந்தனை, கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கில் சொல்லிவிட்டது.

அதாவது, “பின்னர் தீர்க்கப்படும்” என்று எழுதும்போது, நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று நிறுவனமே தன் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

இப்படி நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். டூல் ரூமில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்த ஒருவர். கடிதத்தில் தொகை எதுவும் இல்லை. நோ டியூஸ் படிவத்தோடு அவர் துறை துறையாக அலைந்தார். எப்போதோ தொலைந்துபோன ஒரு மைக்ரோமீட்டருக்காக ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். வாரங்கள் ஓடின, இழப்பீடு வரவில்லை. அவர் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தார். சமரசப் பேச்சுவார்த்தையில் அதிகாரி கடிதத்தை வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். பணம் கொடுத்த ரசீது எங்கே என்று கேட்டார். நிறுவனத்தின் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரை மறுபடி வருகைப் பதிவேட்டில் சேர்த்து, இடைப்பட்ட மாதங்களின் சம்பளத்தையும் கொடுத்து, திரும்பவும் முறையாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மைக்ரோமீட்டருக்காக இவ்வளவும். நிறுவனத்தின் நஷ்டத்தைக்கூட விடுங்கள். அத்தனை மாதம் அந்த மனிதர் கையில் பணமும் இல்லாமல், வேலை இருக்கிறதா இல்லையா என்றும் தெரியாமல் இருந்தார். அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, எப்படி எழுதுவது? முதலில் கணக்கைப் போடுங்கள். நம் ஸ்டோர்ஸ் கிளார்க்கின் சர்வீஸ் 22 வருடம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது ஒரு முழு வருடம். ஆகவே 23 வருடம். இழப்பீட்டுக்கு 15 நாள் என்பது மாதச் சம்பளத்தில் பாதி, 10,400 ரூபாய். 23-ஆல் பெருக்கினால் 2,39,200. கிராஜுவிட்டிக்கு வகுக்கும் எண் வேறு: 20,800-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 800, பதினைந்து நாளுக்கு 12,000, 23 வருடத்துக்கு 2,76,000. நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளம் கொடுப்பதானால் 20,800. ஆக மொத்தம் 5,36,000 ரூபாய். மீதமுள்ள விடுப்புக்கான பணமும் கடைசி மாதச் சம்பளமும் இதற்கு மேல்.

இழப்பீட்டையும் நோட்டீஸ் சம்பளத்தையும் கடிதம் கொடுக்கும் அன்று காலையிலேயே அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கடிதத்திலேயே எழுதுங்கள். கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அவற்றுக்கு எதிரே “விரைவில்” என்று எழுதாமல் தேதியைப் போடுங்கள். நோ டியூஸ் வாங்குவது நிறுவனத்தின் வேலை. அதை இந்தப் பணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். கடிதத்தை வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். பணம் ஏற்கெனவே கணக்கில் இருப்பதால் நிபந்தனை நிறைவேறியதற்கு ஆதாரம் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்வது

“உங்களுக்கு 5,36,000 ரூபாய் நிவாரணமாக வழங்குகிறோம்” என்று எழுதினால், அவர் ஏற்கெனவே சம்பாதித்து வைத்த கிராஜுவிட்டியை நீங்கள் தானமாகக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். ஒவ்வொன்றையும் தனி வரியில், எந்தச் சம்பளத்தை எத்தனை வருடத்தால் பெருக்கினீர்கள் என்ற கணக்கோடு காட்டுங்கள். அவர் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். சட்டத்துக்கு மேல் நிறுவனம் கூடுதலாக எதையாவது கொடுத்தால், அதைத் தனியாகக் கடைசியில் எழுதலாம்.

சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும் அலவன்ஸ் பெரியதாகவும் பிரித்து வைத்திருக்கும் இடங்களில் கவனம் வேண்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் சம்பள வரையறைப்படி, விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்கில் சேரும். பழைய அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பெருக்கினால் தொகை குறைந்துபோகும்.

ராஜினாமா கடிதம் கேட்பது

கேட்காதீர்கள்.

“ராஜினாமா கொடுத்துவிட்டால் உங்களுக்கு நல்ல பெயர்” என்று சொல்லி வாங்கினால், அவர் இழப்பீட்டு உரிமையை இழக்கிறார். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் என்றால் இன்னொரு நஷ்டமும் உண்டு, அதை அடுத்து சொல்கிறேன்.

“எங்களால் இயன்ற உதவி செய்வோம்”

எந்த உதவி, யார் செய்வார், எப்போது? நம் கிளார்க்கின் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருப்பதால் அவர் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர். ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில், சந்தாக் காலத் தகுதி இருந்தால், முதல் 12 மாதம் சராசரித் தினச் சம்பளத்தில் பாதியும், அடுத்த 12 மாதம் கால் பங்கும் வேலையில்லாக் காலப் படியாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு. தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. இதற்கு நிறுவனம் செய்ய வேண்டியது, இ.எஸ்.ஐ. மாதக் கணக்கில் விலகிய காரணத்தை ஆட்குறைப்பு என்று பதிவது. பழக்கதோஷத்தில் “வேலையை விட்டுச் சென்றார்” என்று போட்டுவிட்டால், அவர் கிளை அலுவலகத்தில் போய் நிற்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும்.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: இ.எஸ்.ஐ. பதிவை இந்தத் தேதிக்குள் செய்துவிடுவோம், பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை இந்தத் தேதிக்குள் ஏற்றுவோம், வேலை அனுபவச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. புதிய சட்டத்தில் மறுதிறன் பயிற்சி நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பான தொழிலாளிக்கு 15 நாள் சம்பளம் 45 நாட்களுக்குள் அதிலிருந்து வர வேண்டும். அதையும் எழுதுங்கள். அவரிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் கொடுப்பது

தமிழில் கொடுங்கள். ஆங்கில நகல் கோப்புக்கு.

ஏன் நான் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுதுவது

ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொதுவான விதி. நம் உதாரணத்தில் மூன்று கிளார்க்கில் சீனியர் இவர் என்றால், இவரை எப்படி முதலில் அனுப்புகிறீர்கள்? விதியிலிருந்து விலகினால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். “புதியவருக்கு கம்ப்யூட்டர் தெரியும்” என்பது காரணம் ஆகலாம். ஆனால் இவருக்கு பயிற்சி கொடுத்துப் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி வரும். அதற்குக் கோப்பில் தாள் இல்லையென்றால் கடிதத்தை அனுப்பாதீர்கள். முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள். அதில் அவர் தேறிவிட்டால், சீனியர் என்ற முறையில் மீதமிருக்கும் அந்த ஒரு பணியிடம் அவருக்குத்தான்.

300 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலை

அங்கே அரசின் முன்அனுமதி வேண்டும். கடிதம் அதற்குப் பிறகுதான்.

திரும்ப அழைக்கும் உரிமையை மறைப்பது

ஆட்குறைப்பு நடந்த ஒரு வருடத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால், முதலில் இவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பலர் இதைக் கடிதத்தில் எழுதவே பயப்படுகிறார்கள், எதிர்பார்ப்பை உண்டாக்கும் என்று. உரிமையைச் சொல்வது வாக்குறுதி ஆகாது. “அடுத்த ஒரு வருடத்துக்குள் ஸ்டோர்ஸ் கிளார்க் பணிக்கு ஆள் எடுத்தால், நீங்கள் தந்துள்ள முகவரிக்கும் கைபேசி எண்ணுக்கும் முதலில் தெரிவிப்போம்” என்று எழுதி, எண்ணை அவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 22 வருடத்துக்கு முன் கொடுத்த முகவரிதான் பெரும்பாலும் கோப்பில் இருக்கும்.