விலை ஏற்றப் பிரிவு: முந்தைய இன்வொய்ஸைத் தொட்டுக் கணக்குப் போடாதீர்கள்

சென்ற மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி தன் லொறி ஒப்பந்தக் கோப்புடன் வந்தார். மூன்று வருட ஒப்பந்தம், டீசல் விலைக்கேற்ப நடை விலை மாறும் என்ற பிரிவு, ஒழுங்காக அடுக்கிய இன்வொய்ஸ்கள். முதல் மூன்றைப் பார்த்தவுடனேயே எனக்கு வயிறு கலங்கியது. 2022இல் திருகோணமலையில் இருந்துகொண்டு நான் செய்த அதே தவறு, அதே இடத்தில் இருந்தது. ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள், இன்வொய்ஸ் இலக்கத்தை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திருத்திய விலையை அடிப்படை விலையாக எடுப்பது

எங்கள் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் தொடங்கியது. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்திலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். ஒரு நடைக்கு 40,000 ரூபா. அன்று ஒட்டோ டீசல் லீட்டர் 121 ரூபா. விலையில் 60 சதவீதம் மாறாத பங்கு, 40 சதவீதம் டீசல் பங்கு என்று பிரிவு சொன்னது:

```
நடை விலை = 40,000 × (0.60 + 0.40 × இன்றைய டீசல் விலை ÷ 121)
```

இந்த வரியை ஒரு நிமிடம் பிரித்துப் பாருங்கள். 24,000 ரூபா சாரதி, டயர், தவணைப் பணம், இலாபம் ஆகியவற்றுக்கு. மீதி 16,000 ரூபாவை 121ஆல் வகுத்தால் ஏறக்குறைய 132 லீட்டர் வருகிறது. கொழும்புக்குப் போய்த் திரும்ப எங்கள் லொறி குடிக்கும் டீசல் அதுதான். ஆகவே பிரிவின் பொருள் மிக எளிது: 24,000 ரூபாவும் 132 லீட்டர் டீசலின் அன்றைய விலையும்.

ஏப்ரல் 19ஆம் திகதி டீசல் 289 ஆனது. முதல் திருத்தத்தை அப்போதுதான் கேட்டோம். 40,000இலிருந்து கணக்கிட்டு, நடைக்கு 62,214.88 என்று சரியாகவே எழுதினேன். பிழை அந்தத் தொகையை எழுதிய இடத்தில் இருந்தது. இன்வொய்ஸில் 40,000 இருந்த கட்டத்தை அழித்துவிட்டு 62,214.88 என்று போட்டேன். அடுத்த மாதக் கோப்பு அந்த இன்வொய்ஸைப் பிரதி எடுத்துத்தான் தொடங்கியது. 40,000 எங்கும் இல்லை.

மே 24ஆம் திகதி டீசல் 400 ஆனது. நான் 289இலிருந்து 400க்கு எவ்வளவு கூடியது என்று பார்த்து, அதே 60க்கு 40 பங்கை 62,214.88இன் மேல் போட்டேன். 71,773.14 வந்தது. நல்ல ஏற்றமாகவே தோன்றியது. ஆனால் 40,000இலிருந்து கணக்கிட்டிருந்தால் 76,892.56 வந்திருக்க வேண்டும். நடைக்கு 5,119 ரூபாவை நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஜூன் 26ஆம் திகதி டீசல் 460 ஆனபோது, அதே வழியில் போய் 76,079.53 கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது 84,826.45. இடைவெளி 8,747 ஆகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? 62,214.88இல் 60 சதவீதத்தை மாறாத பங்கு என்று எடுத்தால் அது 37,329 ரூபா. ஒப்பந்தப்படி அது 24,000தான். மீதி 24,886ஐ 289ஆல் வகுத்தால் 86 லீட்டர். டீசல் விலை ஏறியதால் என் லொறி 132 லீட்டரிலிருந்து 86 லீட்டருக்கு இறங்கிவிடவில்லை. டீசல் ஏற ஏற நடை விலைக்குள் அதன் பங்கும் ஏறுகிறது. ஏப்ரலிலேயே அது 61 சதவீதம். அதைத் திரும்பவும் 40 என்று குறுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் லீட்டர்கள் காணாமல் போகின்றன.

வேறு சிலர் 62,214.88ஐ எடுத்து, அதன் மேல் 121க்கு எதிரான முழு ஏற்றத்தையும் மறுபடி போடுகிறார்கள். அப்போது 119,596 ரூபா வரும். பணம் செலுத்துபவரின் கணக்காளர் அதை அன்றே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். என் தவறை எவரும் திருப்பி அனுப்பவில்லை. குறைத்துக் கேட்பவரை யார் தடுப்பார்கள்? ஒரு வருடம் கழித்து எங்கள் கணக்காய்வாளர்தான் கண்டார். இன்வொய்ஸ் மீதான திருத்தங்களை 60 நாட்களுக்குள் கோர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மறுதரப்பு அந்த வரியைக் காட்டியது. அவர்கள் மீது குற்றம் இல்லை. ஆனாலும் டீசல் வரிசையில் இரவெல்லாம் நின்ற சாரதிகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சோதிக்கும் வழி இதுதான். நீங்கள் கேட்ட ஏற்றத்தை டீசல் விலை ஏற்றத்தால் வகுங்கள். 76,892.56இலிருந்து 40,000ஐக் கழித்து, 279ஆல் வகுத்தால் 132 லீட்டர் வரும். நான் எழுதிய 71,773.14க்கு 114தான் வரும். எங்கள் ஒப்பந்தத்தில் எந்த மாதமானாலும் 132 வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

இன்வொய்ஸில் ஒரே வரியாக எழுதுவது

திருத்திய விலையைத் தனி வரியில் காட்டுங்கள். 400 ரூபா விலை நிலவிய ஜூன் 1 முதல் 25 வரை எங்களால் 12 நடைதான் ஓட முடிந்தது. அந்த இன்வொய்ஸ் இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
ஒப்பந்த விலை       12 × 40,000.00 = 480,000.00
விலைச் சீராக்கல்   12 × 36,892.56 = 442,710.72
  (அடிப்படை டீசல் 121, நடப்பு 400, காரணி 1.92231)
மொத்தம்                             922,710.72
```

முதல் வரி மூன்று வருடமும் மாறாது. மாறுவது இரண்டாவது வரி மட்டும். அடுத்த மாதம் இதைப் பிரதி எடுப்பவர் யாராக இருந்தாலும் 40,000ஐயும் 121ஐயும் கண்ணால் காண்பார். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவர்கள் இரண்டு வரிகளின் கூட்டுத்தொகையின் மேல் வரியைப் போட வேண்டும். சீராக்கலும் விலையின் பகுதிதான்.

பிந்திக் கிடைத்த ஏற்றத்துக்காகப் பழைய இன்வொய்ஸை மாற்றி அச்சிடாதீர்கள். அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டு, வித்தியாசத்துக்கு மட்டும் மேலதிக இன்வொய்ஸ் ஒன்று கொடுங்கள்.

யாருடைய டீசல் விலை?

பிரிவில் டீசல் விற்பவரின் பெயர் இருக்க வேண்டும். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை மறப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் வெவ்வேறு விலைக்கு டீசல் விற்றன.

எந்த நாளின் விலை?

நடை ஓடிய நாளின் விலை. இன்வொய்ஸ் எழுதிய நாளின் விலை அல்ல. மே மாதத்தை 23ஆம் திகதியோடு பிரித்து இரண்டு சீராக்கல் வரிகளாக எழுதுங்கள்.

சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு

சம்பளப் பங்கைக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோடு கட்டியவர்கள் கவனிக்கவும்: 2013=100 என்றிருந்த தொடர் 2023இல் 2021=100 ஆனது. பழைய எண்ணைக் கீழேயும் புதிய எண்ணை மேலேயும் வைத்து வகுத்தால், உங்களுக்கு வர வேண்டியதை விடக் குறைவான விலையே வரும்.

டீசல் இறங்கும்போது மௌனமாக இருப்பது

2022 ஜூலை 17ஆம் திகதி டீசல் 460இலிருந்து 440 ஆனது. நடைக்கு 132 லீட்டர் என்ற அதே கணக்கில் சீராக்கல் வரி 2,645 ரூபா குறைய வேண்டும். கிண்ணியாத் தம்பி அப்படி இறங்கிய மாதங்களைத் தொடாமல் விட்டிருந்தார். "அவர்கள் கேட்டால் பார்ப்போம் என்று இருந்தேன் அண்ணன்" என்றார். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து எல்லா மாதங்களையும் அடிப்படை விலையிலிருந்து மறுபடி போட்டோம். இறங்கிய மாதங்களைக் கழித்த பின்னும் அவருக்கு வர வேண்டியதே அதிகமாக இருந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் கோருவதற்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. கடைசி நான்கு இன்வொய்ஸ்களில் மூன்று அதற்குள் வருகின்றன.